தள்ளுபடியில் கிடைக்கும் இடிஎஃபைக் கடன் வாங்கி வாங்கலாமா?

கேள்வி: நான் மாதாமாதம் வாங்கும் வெளிநாட்டுப் பங்குகளின் இடிஎஃப், அதாவது சந்தையில் பங்குபோலவே கைமாறும் ஃபண்ட், நேற்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் மதிப்பு, 100 இருக்க, இன்று சந்தையில் 99.60-க்குக் கிடைக்கிறது. சில நாட்களில் என்ஏவியைவிட அதிகமாகவும் போகிறது. என் மச்சான், "தள்ளுபடியில் வாங்கு, சமமானதும் விற்றுவிடு, இது நிச்சய லாபம்" என்று 5 லட்சம் தனிநபர் கடன் எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார். ஏன் இந்த வித்தியாசம் வருகிறது? கடன் எடுக்கலாமா?

பதில்: கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், பணத்தைத் தொடாமல் உடனே திருப்பிக் கட்டிவிட முடியுமா என்று கேளுங்கள்.

உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அந்தத் தள்ளுபடியைப் பார்த்துவிட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஃபண்டுடன் நேரடியாக யூனிட் மாற்றிக்கொள்ளும் உரிமை பெற்ற பெரிய நிறுவனங்கள் அவை. யூனிட் விலை மலிவாக இருந்தால் அவை சந்தையில் யூனிட்டுகளை மொத்தமாக வாங்கி, ஃபண்டிடம் ஒப்படைத்து, பதிலுக்கு உள்ளே இருக்கும் பங்குகளைப் பெற்று விற்றுவிடும். விலை அதிகமாக இருந்தால் பங்குகளைக் கொடுத்துப் புது யூனிட் வாங்கி, சந்தையில் விற்கும். இந்த வேலையால்தான் விலை என்ஏவியை விட்டு வெகுதூரம் போகாமல் இருக்கிறது.

ஆனால் அந்த வேலைக்கும் செலவு உண்டு. பங்குகளை வாங்கி விற்கும் செலவு, வரி, ஃபண்டின் கட்டணம், அதற்குள் விலை நகர்ந்துவிடும் அபாயம். எல்லாம் சேர்த்து அவர்களுக்கு 0.5% ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 0.4% தள்ளுபடியை அவர்கள் சீண்ட மாட்டார்கள். அவர்களுக்கே கட்டுப்படியாகாமல் விட்டுப்போன மிச்சத்தைத்தான் உங்கள் மச்சான் நிச்சய லாபம் என்கிறார்.

சரி, அது உண்மையிலேயே தள்ளுபடிதானா? நீங்கள் பார்ப்பது நேற்று முடிந்த சந்தையின் என்ஏவி. உங்கள் நாட்டில் வர்த்தகம் நடக்கும்போது அந்த வெளிநாட்டுச் சந்தை மூடியிருக்கலாம். இரவில் வந்த செய்தியால் அந்தப் பங்குகள் நாளை 0.5% இறங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தால், இன்றைய நியாயமான மதிப்பு 99.50. அப்போது 99.60-க்கு வாங்கும் நீங்கள் கூடுதல் விலைதான் கொடுக்கிறீர்கள். 2020 மார்ச் மாதக் கலக்கத்தில் பெரிய கடன்பத்திர இடிஎஃப்களே என்ஏவிக்குச் சில சதவீதம் கீழே போயின. கடன்பத்திரங்கள் அதிகம் கைமாறாததால் என்ஏவி பழைய விலையில் தேங்கி நின்றது; நிலவரத்தை முதலில் காட்டியது இடிஎஃப் விலைதான்.

இப்போது மச்சானின் கணக்கை, அது உண்மையான தள்ளுபடி என்றே வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 99.60-க்கு 5 லட்சத்துக்கு வாங்கினால் சுமார் 5,020 யூனிட். விலை சமமாகி 100-ஐச் சுற்றி வந்தாலும், விற்கும்போது உங்களுக்குக் கிடைப்பது வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் விலை, அதாவது ஏறக்குறைய 99.90. யூனிட்டுக்கு 0.30 என்றால் மொத்தம் 1,500. கடன் வட்டி 12% என்றால் ஒரு நாளைக்கு 164. ஒன்பது, பத்து நாளில் அந்த 1,500 வட்டிக்கே போய்விடும். பிராசசிங் கட்டணம் 1% பிடித்தால் முதல் நாளே 5,000 போயிற்று. தரகுக் கட்டணத்தை இன்னும் சேர்க்கவேயில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அந்த நிறுவனங்கள் யூனிட்டை வாங்கும்போதே மறுபக்கம் பங்குகளை விற்றுவிடுவதால், சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்குப் பெரிய கவலையில்லை. உங்களிடம் அந்த மறுபக்கம் கிடையாது. தள்ளுபடி மறையக் காத்திருக்கும் வாரத்தில் சந்தை 1% இறங்கினால் 5,000 நஷ்டம்; தள்ளுபடி மறைந்தாலும் அது ஈடாகாது.

நீங்கள் மாதாமாதம் வாங்குவதில் தவறில்லை, தொடருங்கள். கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டரை மட்டும் விட்டுவிட்டு, சந்தை திறந்து அரை மணி நேரமாவது கழித்து, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டர் போடுங்கள். நேற்றைய என்ஏவிக்குப் பதிலாக, ஃபண்ட் நிறுவனம் வர்த்தக நேரத்தில் வெளியிடும் உத்தேச என்ஏவியான ஐஎன்ஏவியோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டுச் சந்தை மூடியிருந்தால் அதுவும் தோராயம்தான். அப்புறம், கூடுதல் விலை சில சதவீதத்துக்கு மேல் போய், நாள்கணக்கில் குறையாமல் நின்றால் அந்த மாதம் வாங்காதீர்கள். வெளிநாட்டு முதலீட்டு வரம்பு முட்டியதால் ஃபண்ட் புது யூனிட் தருவதை நிறுத்தியிருக்கலாம். விலையை இறக்கும் வழி அடைபட்டதால்தான் அது உயரத்தில் நிற்கிறது. வழி திறக்கும் நாளில், உள்ளே இருக்கும் பங்குகள் அசையாமலே நீங்கள் கொடுத்த கூடுதல் விலை கரைந்துவிடும்.

மச்சான் மறுபடி கேட்டால் இந்த 1,500-க்கும் 5,000-க்கும் உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அதற்கு மேலும் வற்புறுத்தினால், கடனை அவர் பெயரில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டாம்.