இயர்பட்ஸும் காது அரிப்பும்: வாசகர் கேள்விகளுக்குக் காது மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இயர்பட்ஸைப் பற்றியவை. முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் வீடுகளில் ‘பட்ஸ்’ என்றால் நெடுநாளாகப் பஞ்சு சுற்றிய குச்சிதான். இங்கே நான் பேசுவது பாட்டுக் கேட்கும் கருவியைப் பற்றி. குச்சியைப் பஞ்சுக்குச்சி என்றே சொல்லிவிடுகிறேன்.

தினமும் ஏழெட்டு மணி நேரம் இயர்பட்ஸ் மாட்டி வேலை பார்க்கிறேன். மூன்று மாதமாக இரண்டு காதிலும் அரிப்பு. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து போட்டால் இரண்டு நாள் குறைகிறது, பிறகு அதிகமாகிறது. ஏன்? (சென்னை வாசகி)

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் இளம்பெண்தான் நினைவுக்கு வந்தார். அவருக்கும் தொலைபேசியில் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை. காலையில் தலைக்குக் குளித்து, ஈரம் காய்வதற்குள் இயர்பட்ஸை மாட்டி, அதன் மேல் ஹெல்மெட்டும் போட்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். அவரும் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருந்தார். நுண்ணோக்கி வைத்துப் பார்த்தபோது, நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்தது போலச் சாம்பல் நிறப் படலம் ஒன்று தெரிந்தது. அதன் மேல் எள்ளை விடப் பொடியான கறுப்புப் புள்ளிகள். அது ஆஸ்பெர்ஜிலஸ் நைஜர் என்னும் பூஞ்சை.

காதுக் குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். அதன் தோல் செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. உதிரும் தோலையும் குறும்பியையும் அதுவே வெளியே தள்ளிவிடும். குறும்பி அழுக்கு அல்ல. சற்றே அமிலத்தன்மையும் எண்ணெய்ப் பசையும் கொண்ட அது, தண்ணீரையும் கிருமியையும் தடுக்கும் பூச்சு. இயர்பட்ஸின் சிலிக்கான் முனை வாசலை இறுக்கி அடைத்தவுடன் இரண்டு காரியம் நடக்கிறது. வெளியே வர வேண்டியது வர முடியாமல் நிற்கிறது. உள்ளே வெப்பமும் ஈரமும் ஏறுகின்றன. கடலோர ஊரின் புழுக்கத்தில், ஈரத் தலையோடு மாட்டினால், பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

கடைச் சொட்டு மருந்து பலவற்றில் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை அடக்குவதால் இரண்டு நாள் நிம்மதி. ஆனால் பாக்டீரியா குறைந்த இடத்தில் பூஞ்சைக்குப் போட்டியில்லை, அது பரவிவிடுகிறது. உங்களுக்கும் இதுவே நடக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. தோல் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஆனால் சொட்டு மருந்தில் குறைந்து கூடும் அரிப்பு என்றால், அந்த மருந்தை நிறுத்திவிட்டு யாராவது ஒரு மருத்துவர் உள்ளே பார்ப்பதுதான் முறை.

அந்தப் பெண்ணுக்குப் படலத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, பூஞ்சையைக் கொல்லும் குளோட்ரிமசோல் சொட்டு மருந்து இரண்டு வாரம் கொடுத்தேன். குணமானது. ஒரே மாதத்தில் அதே அரிப்போடு திரும்பி வந்தார். அப்போதுதான் இயர்பட்ஸை எடுத்துக் காட்டச் சொன்னேன். சிலிக்கான் முனையைக் கழற்றி மடிப்பைத் திருப்பினால், உள்விளிம்பு முழுவதும் கரும்பழுப்பாக ஒரு வளையம். வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட அதைக் கழற்றியதில்லை என்றார். நோய் திரும்பியதற்கு அந்த வளையம்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் காதைச் சுத்தம் செய்துவிட்டு, அதில் நுழையும் பொருளைப் பற்றி முதல் தடவையே கேட்காமல் விட்டது என் பிழை. முனையை மாற்றி, குளித்தபின் காது காயும்வரை மாட்டாமல் இருந்து, அலுவலகத்தில் காதின் மேல் உட்காரும் ஹெட்போனுக்கு மாறினார். பிறகு அரிப்பு திரும்பவில்லை.

அப்படியானால் இயர்பட்ஸை எப்படித்தான் சுத்தம் செய்வது? தண்ணீரில் கழுவலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

முனையைக் கழுவலாம், கருவியைக் கழுவக் கூடாது. ‘தண்ணீர் புகாது’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும், சோப்பு நீரில் முக்குவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

சிலிக்கான் முனைகளைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, மடிப்பைத் திருப்பி விரலால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு மிச்சம் இல்லாமல் அலச வேண்டும். அதுவே சிலருக்கு அரிப்பைத் தரும். துணியில் ஒற்றி, முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். அவசரத்தில் ஈரத்தோடு மாட்டினால் கழுவியதன் பயன் போய்விடும். இரவு கழற்றிக் காயவைத்துவிட்டுக் காலையில் மாட்டுவது சுலபம். ஸ்பாஞ்சு போன்ற நுரை முனை என்றால் ஊறவைக்காதீர்கள், ஆல்கஹாலும் படக் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை புதியதை மாற்றிவிடுங்கள்.

ஒலி வரும் வலையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஊக்கு, குண்டூசி எதுவும் வேண்டாம். வலை கிழிந்துவிடும், அல்லது குறும்பி இன்னும் உள்ளே போகும். வலையைத் தரையைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பல் துலக்கியால் கீழிருந்து மெதுவாகத் தட்டித் துலக்குங்கள். கீழ்நோக்கி இருந்தால்தான் உதிர்வது வெளியே விழும். கருவியின் உடலை, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் துடைக்கலாம். துணியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, அவ்வளவு ஈரம் போதும். கைக்குப் போடும் ஜெல் சானிடைசர் வேண்டாம், பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ளும்.

சார்ஜ் ஏற்றும் பெட்டியை மறந்துவிடாதீர்கள். வியர்வையோடு கழற்றி அதில் போட்டு மூடுகிறோம். மறுநாள் அதே குழியிலிருந்து எடுத்துக் காதில் வைக்கிறோம். குழிகளை உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பஞ்சுக்குச்சிக்கு நான் கொடுக்கும் ஒரே வேலை இதுதான், காதுக்குள் அதற்கு வேலையில்லை. தினமும் அணிபவர்கள் மாலையில் ஒரு துடைப்பு, வாரம் ஒருமுறை முனைக் கழுவல் என்று வைத்துக்கொண்டால் போதும். உடற்பயிற்சிக்கு அணிந்தால் அன்றன்றைக்கே.

விடுதியில் தோழிகள் நாங்கள் ஒருவர் இயர்பட்ஸை ஒருவர் மாட்டுவோம். அம்மா திட்டுகிறார். அவ்வளவு ஆபத்தா? (மதுரை கல்லூரி மாணவி)

அம்மா பயப்படும் அளவுக்கு இல்லை, நீங்கள் நினைக்கும் அளவுக்குச் சாதாரணமும் இல்லை. ஆரோக்கியமான இரண்டு பேர் ஒரு பாட்டுக்கு மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நல்ல தோலும் குறும்பியும் காவல் இருக்கின்றன. அந்தக் காவல் உடைந்திருக்கும்போதுதான் சிக்கல். ஹேர்பின்னால் காதைக் குடைந்து கீறல் விழுந்திருந்தால், நீச்சலடித்துத் தோல் ஊறியிருந்தால், அரிப்பில் நகம் பட்டிருந்தால், அடுத்தவர் காதிலிருந்து வரும் கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது.

யாருடன் கூடவே கூடாது என்று கேட்டால் சொல்கிறேன்: காதில் சீழ் அல்லது நீர் வடிபவர், காது வலிக்குச் சொட்டு மருந்து போடுபவர், காது மடலிலோ அருகிலோ படர்தாமரை, கொப்புளம் உள்ளவர். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் வடியும் காதை அவரே பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். கரப்பான், பொடுகு போன்றவை தொற்றாது. அதற்காகத் தோழியை ஒதுக்க வேண்டாம். எச்.ஐ.வி. வருமா என்று இன்னொரு கடிதம் கேட்டிருந்தது. வராது.

பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் முனையை மட்டும் பகிராதீர்கள். வாங்கும்போது பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி கொடுக்கிறார்கள் அல்லவா? ஆளுக்கு ஒரு ஜோடி வைத்துக்கொண்டு, கருவியைத் துடைத்துவிட்டுக் கழற்றி மாட்டுங்கள். அரை நிமிட வேலை.

வலது பக்கம் மட்டும் ஒலி குறைகிறது. காதில் அழுக்கா, கருவியில் கோளாறா? (திருச்சி வாசகர்)

வலது பக்கக் கருவியை இடது காதருகே வைத்துக் கேளுங்கள். வடிவம் பொருந்தாது, கையால் பிடித்தால் போதும். அங்கேயும் ஒலி குறைவு என்றால் குறை கருவியில், பெரும்பாலும் வலையில் குறும்பி அடைத்திருக்கும். இடது காதில் நன்றாகக் கேட்டு, வலது காதில் மட்டும் எந்தப் பக்கக் கருவியை வைத்தாலும் மந்தம் என்றால் குறை காதில். குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைத்திருப்பதே பெரும்பாலும் காரணம், குறிப்பாகக் குளித்தவுடன் அடைப்பு கூடினால். ஆனால் திடீரென்று, ஓரிரு நாளில், ஒரு காது மட்டும் மந்தமானால் குறும்பி என்று நீங்களே முடிவு கட்டிக் காத்திருக்க வேண்டாம். உள்காதுப் பாதிப்பும் அப்படித்தான் தொடங்கும். அதற்கு நாட்கணக்கில் தாமதித்தால் திரும்பக் கிடைப்பது குறையும்.

காது வாசலில் வட்டமாகச் சிவந்து தோல் உரிகிறது. உள்ளே வலி இல்லை. (சேலம் வாசகி)

முனை தொடும் இடத்தில் மட்டும் அச்சு வைத்தது போல வட்டம் என்றால், உரசலோ ஒவ்வாமையோதான் முதல் சந்தேகம். சிலிக்கானுக்கே ஒவ்வாமை அபூர்வம். பசை, பிளாஸ்டிக் பூச்சு ஆகியவற்றில் உள்ள அக்ரிலேட், அல்லது உலோக விளிம்பில் உள்ள நிக்கல் காரணமாக இருக்கலாம். கவரிங் நகை போட்டால் காது புண்ணாகும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று யோசியுங்கள். இரண்டு வாரம் முழுமையாக நிறுத்துங்கள். ஆறிவிட்டு, மாட்டியவுடன் திரும்பினால் விடை கிடைத்துவிட்டது. ஒரு அளவு சிறிய முனையையும் முயன்று பாருங்கள். நழுவக் கூடாதென்று பெரியதைத் திணிப்பவர்கள் நிறைய. தேங்காய் எண்ணெய் வெளியே லேசாகத் தடவலாம், உள்ளே ஊற்ற வேண்டாம்.

அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை நோய். நடைப்பயிற்சியில் இயர்பட்ஸ் அணிவார். இப்போது காது வலி. (தஞ்சாவூர் வாசகர்)

காதுத் துளைக்கு முன்னால் கன்னப் பக்கம் இருக்கும் சிறு குருத்தெலும்பு மேட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினாலோ மடலை இழுத்தாலோ வலி சுள்ளென்று ஏறினால், நோய் வெளிக்காதுக் குழாயில் இருக்கிறது. மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் சொட்டு மருந்தில் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகும். சர்க்கரை உள்ள முதியவரிடம் மட்டும் நான் பொறுமை காட்டுவதில்லை. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா தோலைத் தாண்டி மண்டையோட்டின் அடி எலும்புவரை போகக்கூடும். இரவில் தூங்கவிடாத வலி, வடிதல், முகம் ஒருபக்கம் கோணுதல் என்று எதுவும் தெரிந்தால் அன்றே மருத்துவமனை. எதுவும் தெரியாவிட்டாலும் நாளைக்குள் காட்டிவிடுங்கள். அதுவரை இயர்பட்ஸ், எண்ணெய், தண்ணீர் மூன்றும் வேண்டாம்.

இயர்பட்ஸைக் கழற்றினேன், ரப்பர் முனை மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. எடுக்கலாமா? (வேலூர் வாசகர்)

விளிம்பு வெளியே நன்றாகத் தெரிந்து, விரலில் பிடிபட்டால் மட்டும் மெதுவாக இழுங்கள். இல்லையென்றால் ஊக்கு, இடுக்கி எதுவும் வேண்டாம். வழவழப்பான சிலிக்கான் வழுக்கிக்கொண்டு செவிப்பறைப் பக்கம்தான் போகும். நாங்கள் எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. வரும்போது இன்னொரு பக்கத்து முனையைக் கையில் கொண்டுவாருங்கள். அதே அளவு, அதே நிறம் என்று தெரிந்தால், எதைத் தேடுகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும்.