ஓகஸ்டில் திருகோணமலை, மாசியிலேயே கணக்கு

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்: அக்கா, ஓகஸ்ட் லீவுக்கு ஆறு பேர் மூன்று நாள் திருகோணமலைக்குப் போகிறோம். கிலோமீட்டருக்கு 130 ரூபா என்று வான் பேசியாயிற்று. போக 180, வர 180. அப்போ 46,800 போதும்தானே?

போதாது தங்கச்சி. வான் தன் வீட்டிலிருந்து உங்கள் வாசலுக்கு வருவதும், திரும்பிப் போவதும் உங்கள் கணக்கில்தான் விழும். அங்கே போய் நிலாவெளி, கன்னியா வெந்நீரூற்று, கோணேஸ்வரம் என்று சுற்றாமல் இருப்பீர்களா? எப்படியும் 450 கிலோமீட்டர் வரும், அது 58,500. டிரைவருக்குப் படி நாளுக்கு 2,000 என்றால் இன்னொரு 6,000. அவர் எங்கே படுப்பார் என்பதையும் இப்போதே கேளுங்கள். டீசல் விலை மாதாமாதம் மாறக்கூடியது; கூடினால் எவ்வளவு கூட்டுவார் என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். எல்லா வான்காரரும் எழுதித் தரமாட்டார்கள், அது ஆளைப் பொறுத்தது.

தேதியும் முக்கியம். ஓகஸ்ட் 15ஐ ஒட்டி மடுவுக்கு வான்கள் ஓடும், நல்லூர்த் திருவிழாவும் அந்தப் பக்கத்தில்தான் வரும். பிந்திக் கேட்டால் சொன்னதுதான் விலை.

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி: வான் எதற்கு? பஸ்ஸில் போனால் பாதிச் செலவுதானே.

இரண்டு மூன்று பேருக்கு நீர் சொல்வது சரி. ஆறு பேர் என்றால் அங்கே போய் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு ஓட்டோ. அம்மம்மாவும் கூட வந்தால், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

முழங்காவிலிலிருந்து ஒரு ஐயா: நாங்கள் மடுத் திருவிழாவுக்கு. அங்கே அறை என்ன விலை பிள்ளை?

ஐயா, நாங்கள் திருகோணமலையைப் பேசுகிறோம். மடுவில் கூடாரமடித்துச் சமைத்தால் அறைக் காசே இல்லை. தண்ணீருக்கும் விறகுக்கும்தான் ஒதுக்க வேண்டும்.

விசுவமடுவிலிருந்து ஒருவர்: எங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, நெல்லுக் காசுதான். எப்படிச் சேர்ப்பது? அவசரத்துக்கு எவ்வளவு?

காலபோக நெல் விற்ற கையோடு வான் அட்வான்ஸையும் அறைக் காசையும் தனியே எடுத்து வையுங்கள். கடல் அமைதியாக இருக்கும் காலம் என்பதால் நிலாவெளியில் அறைக்குப் போட்டி இருக்கும். சாப்பாட்டுக் காசைச் சீட்டில் சேர்க்கலாம், ஆனால் சீட்டு ஜூலைக்குள் கைக்கு வர வேண்டும். சிறுபோகத்தை நம்பாதீர்கள், அறுவடை பிந்தினால் பயணமும் போச்சு.

அவசரத்துக்கு நான் மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு வைப்பேன். ஒருமுறை ஹொரவப்பொத்தானைக்கு அப்பால் எங்கள் வானின் டயர் வெடித்தது. டயர் வான்காரருடையது, காசும் அவருடையது. ஆனால் மூன்று மணித்தியாலம் றோட்டில் நின்றதில் ஆறு பேருக்கும் கடைச் சாப்பாடு, சோடா, மாமியின் மருந்து என்று எங்கள் பையிலிருந்துதான் போனது. கட்டிக் கொண்டுவந்த சோறும் வெயிலில் புளித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பத்தில் ஒரு பங்கு போதும் என்பார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.