மெழுகு முகமும் ரா கோப்பும்

கேள்வி: மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் அனுமதி வாங்கிக் கச்சேரிப் படம் எடுக்கிறேன். ஃபிளாஷ் கூடாது, அதனால் ஐஎஸ்ஓ 6400. ஜேபெக்கில் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல இருக்கிறது. கணினியில் ஷார்ப்னெஸ் கூட்டினால் இன்னும் மோசம். புது கேமரா வாங்கிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் கேமராவை, சென்சார் பதிந்ததைத் தேய்க்காமல் அப்படியே சேமிக்கும் ரா முறைக்கு மாற்றி ஒரு கச்சேரி எடுத்துப் பாருங்கள்.

ஜேபெக் எடுக்கும்போது கேமராவே புள்ளி இரைச்சலைத் தேய்த்துவிட்டு, மழுங்கிய ஓரங்களைக் கூராக்கி, மீதியைச் சுருக்கிச் சேமிக்கிறது. உங்கள் படத்தில் வயலின் கலைஞரின் பட்டுப்புடவைக் கரையை 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஜரிகை இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் இதுதான் காரணம். தேய்ந்துபோன இழை திரும்ப வராது. நீங்கள் கூட்டும் ஷார்ப்னெஸ் அந்த வெள்ளைக் கோட்டையும் சுருக்கத்தில் வந்த கட்டங்களையும்தான் தடிமனாக்குகிறது.

ரா கோப்பில் இழையும் இருக்கும், இரைச்சலும் இருக்கும். முதல் பார்வைக்கு ஜேபெக்கைவிட மோசமாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் darktable மென்பொருள் போதும். அதில் `denoise (profiled)` உங்கள் கேமராவுக்கும் அந்த ஐஎஸ்ஓவுக்கும் ஏற்றபடி இரைச்சலைக் குறைக்கும். சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் நிற இரைச்சலைத் தாராளமாக எடுத்துவிடலாம். வெளிச்ச இரைச்சலில் கொஞ்சம் விட்டுவையுங்கள். தோலுக்கு உயிர் தருவது அதுதான். அப்புறம்தான் ஷார்ப்னெஸ். அதையும் கண், தந்தி, ஜரிகை இருக்கும் இடங்களுக்கு மட்டும் கொடுங்கள். இருண்ட திரைச்சீலைக்குக் கொடுத்தால் குறைத்த இரைச்சல் மறுபடி எழும்பிவிடும்.

செலவு மெமரி கார்டுக்குத்தான். 24 மெகாபிக்ஸல் கேமராவில் ஒரு ரா கோப்பு 25 முதல் 30 எம்பி வரும். 64 ஜிபி கார்டில் சுமார் 2,000 படம் பிடிக்கும். ரிச்சி தெருவில் வாங்கினால் பில் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் H2testw மென்பொருளில் கார்டு முழுவதையும் சோதியுங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டு நிரம்பிய பிறகுதான் படத்தைத் தின்னும். நடுக்கச்சேரியில் அது நடந்தால் தாங்க முடியாது.

தனி ஆவர்த்தனத்தில் தொடர்ச்சியாக அமுக்கினால் ராவில் கேமரா சீக்கிரம் மூச்சு வாங்கும். இரண்டு மூன்றாக எடுங்கள்.

மிருதங்கக் கலைஞரின் விரல்கள் கலங்கிப் போனதையும் ஃபோகஸ் தவறியதையும் ரா சரிசெய்யாது. கையில் இருப்பது எஃப்/5.6 கிட் லென்ஸ் என்றால், கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியில் எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள். கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே ஷட்டர் வேகத்தில் 6400 கேட்ட மேடைக்கு 800 போதும்.