விபிஎன் போட்டால் ஒரு கோப்பு பறக்கிறது, இன்னொன்று நகர மறுக்கிறது. ஏன்?

கேள்வி: பேரணாம்பட்டில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பொறுப்பைப் பார்க்கிறேன். 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ஜெர்மனி வாடிக்கையாளரின் சர்வரிலிருந்து 2 ஜிபி வடிவமைப்புக் கோப்பை மாலையில் இறக்கினால் இரண்டு மணி நேரம் ஆகிறது. விபிஎன் போட்டால் பதினைந்தே நிமிடம். ஆனால் அதே விபிஎன்னில் ‘இந்தியா’ என்று தேர்ந்தெடுத்தாலும் விண்டோஸ் அப்டேட் ஆமை வேகத்தில்தான் வருகிறது. ஏன் இப்படி? விபிஎன் வழியாக வந்த கோப்பை நம்பித் திறக்கலாம்தானே?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விபிஎன்னை நம்பி எந்தக் கோப்பையும் திறக்காதீர்கள். காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். வேகத்தின் கணக்கு புரிந்தால் அந்தக் காரணமும் பாதி புரிந்துவிடும்.

2 ஜிபி என்பது ஏறத்தாழ 16,000 மெகாபிட். இரண்டு மணி நேரத்தில் வந்தால் நொடிக்கு 2 மெகாபிட்டுக்குச் சற்று மேல். பதினைந்து நிமிடத்தில் வந்தால் சுமார் 18. உங்கள் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ஆகவே விபிஎன் உங்கள் இணைப்பின் வேகத்தைக் கூட்டவில்லை. வழியில் எங்கோ இழந்ததில் ஒரு பங்கை மீட்டுக் கொடுத்திருக்கிறது. மாத அளவு தீர்ந்து இணைய நிறுவனமே வேகத்தைக் குறைத்துவிட்டால், அந்த நாட்களில் விபிஎன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இழப்பு எங்கே நேர்கிறது? கோப்பு சிறு சிறு பாக்கெட்டுகளாக வருகிறது. இணைய நிறுவனம் வெளிநாட்டுக்கென வைத்திருக்கும் இணைப்பு மாலை நேரத்தில் நிரம்பிவிட்டால், சில பாக்கெட்டுகள் வழியிலேயே கைவிடப்படும். ஒன்று தொலைந்ததை உணர்ந்தவுடன் அனுப்பும் சர்வர் தன் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு சுற்றுப் போக்குவரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். நம் பகுதியிலிருந்து ஜெர்மனிக்குப் போய்வர 150 மில்லிநொடி அளவுக்கு ஆகும் என்பதால் இந்த ஏற்றம் மெதுவானது. மீள்வதற்குள் அடுத்த பாக்கெட் தொலைந்துவிடும். ஆயிரத்தில் இரண்டு பாக்கெட் தொலைந்தாலே போதும், சாதாரண சர்வர் ஒன்றிலிருந்து ஒரு கோப்பை இறக்கும் வேகம் 2 எம்பிபிஎஸ் அளவுக்கு விழுந்துவிடும். நீங்கள் சொல்லும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான்.

விபிஎன் போட்டதும் உங்கள் கணினி ஜெர்மனியோடு நேராகப் பேசுவதில்லை. முதலில் விபிஎன் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து விபிஎன் நிறுவனத்தின் இணைப்பில் ஜெர்மனிக்குப் போகிறது. கிலோமீட்டர் கூடினாலும் நிரம்பிய இடத்தைத் தவிர்த்துவிட்டால் வேகம் கிடைக்கும். இதைச் சோதிப்பது எளிது. காலை ஆறு மணிக்கு, விபிஎன் இல்லாமல், அதே கோப்பை இறக்கிப் பாருங்கள். விரைவாக வந்தால் மாலை நெரிசல்தான் காரணம். காலையிலும் இழுத்தால் உங்கள் இணைய நிறுவனம் மோசமான பாதையில் அனுப்புகிறது, அல்லது அந்த வகைப் போக்குவரத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. பின்னதை 2018-இல் மத்திய அரசு ஏற்ற இணையச் சமநிலை விதிகள் அனுமதிப்பதில்லை. தேதி, நேரம், இரு வேகங்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். வெறுமனே ‘நெட் ஸ்லோ’ என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள்.

விண்டோஸ் அப்டேட்டின் கதை நேர்மாறானது. அதன் பிரதிகள் நாட்டின் பெருநகரங்களிலும் சில சமயம் இணைய நிறுவனத்துக்கு உள்ளேயுமே வைக்கப்பட்டிருக்கும். விபிஎன் இல்லாதபோது சென்னை வரை போய் எடுத்துவந்தால் போதும். விபிஎன் அந்தக் குறுக்கு வழியை மறித்துவிடுகிறது.

‘இந்தியா’ என்று தேர்ந்தெடுத்தும் ஏன் அப்படி என்றால், அந்த இந்தியா பெரும்பாலும் இந்தியாவில் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதையடுத்துப் பெரிய நிறுவனங்கள் பல இங்கிருந்த சர்வர்களை அகற்றின. இந்திய முகவரியைக் காட்டும் இயந்திரத்தைச் சிங்கப்பூர் போன்ற இடங்களில் நிறுத்தின. உங்கள் அப்டேட் கடல் கடந்து போய்த் திரும்புகிறது. சரிபார்க்க விரும்பினால், செயலி காட்டும் சர்வர் முகவரியைக் குறித்துக்கொண்டு, விபிஎன்னை அணைத்துவிட்டு அதற்கு `ping` கொடுங்கள். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர். போய்வர 29 மில்லிநொடிக்குக் குறைய வழியே இல்லை. விடை 15 என்று வந்தால் சர்வர் அருகில்தான் இருக்கிறது. 40 என்றால் டெல்லியாகவும் இருக்கலாம், சிங்கப்பூராகவும் இருக்கலாம். விபிஎன் நிறுவனத்தின் சர்வர் பட்டியலில் Virtual என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இயந்திரம் வேறு நாட்டில் நிற்கிறது.

தீர்வு செயலியிலேயே இருக்கும். அமைப்புகளில் Split tunneling என்பதைத் திறந்து, தேர்ந்தெடுத்த செயலிகள் மட்டும் விபிஎன்னில் போகட்டும் என்ற முறையில், ஜெர்மனி சர்வருக்குப் பயன்படுத்தும் பிரவுசரை மட்டும் சேருங்கள். மற்றவை நேர்வழியில் போகும். கூடவே Protocol என்ற இடத்தில் OpenVPN TCP இருந்தால் WireGuard-க்கு மாற்றுங்கள். TCP-க்குள் TCP ஓடும்போது, ஒரு பாக்கெட் தொலைந்தால் இரண்டு அடுக்குகளும் அதை மீண்டும் அனுப்ப முயன்று வேகத்தைத் தின்னும்.

இப்போது பாதுகாப்பு. விபிஎன் அமைக்கும் மறைகுறியாக்கிய சுரங்கம் உங்கள் கணினியில் தொடங்கி விபிஎன் சர்வரில் முடிகிறது. உள்ளே போகும் கோப்பை அது திறந்து பார்ப்பதில்லை. வைரஸ் இருந்தால் அதையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். வழியில் யாரும் கோப்பை மாற்றாமல் காப்பது https முகவரியே செய்யும் வேலை. வாடிக்கையாளர் அனுப்பியதேதான் வந்ததா என்று அறிய, அவரிடம் கோப்பின் கைரேகை போன்ற SHA-256 எண்ணைத் தொலைபேசியில் கேட்டு, இதை ஓட்டி ஒப்பிடுங்கள்:

```
certutil -hashfile design.zip SHA256
```

எண்கள் ஒத்துப்போனால் அதே கோப்பு என்று மட்டும்தான் பொருள். அவர் கணினியிலேயே கிருமி இருந்திருந்தால் இதுவும் காட்டாது. வைரஸ் தடுப்பு மென்பொருளில் சோதித்தே தீர வேண்டும். ஜிப்புக்குள் படத்துக்குப் பதில் `.exe` இருந்தால் தொடவே வேண்டாம்.

இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்து மறைத்ததை விபிஎன் நிறுவனம் பார்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கின் ஒனாவோ என்ற இலவச விபிஎன், பயனர்கள் எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று திரட்டியதால்தான் 2018-இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. அலுவலகக் கோப்புக்கு இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம்.

ஏற்றுமதித் தொழிலில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இன்னொரு மோசடி. யாரோ உங்கள் அலுவலகத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் திருடி, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள்’ என்று உங்கள் பெயரில் வாடிக்கையாளருக்கு எழுதுவார்கள். அஞ்சல் உண்மையான கணக்கிலிருந்தே போகும். விபிஎன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இதில் ஒரு வித்தியாசமும் இல்லை. மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். கணக்கு மாற்றம் என்று எந்த அஞ்சல் வந்தாலும், அதில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முன்பே தெரிந்த எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும் என்று ஜெர்மனி வாடிக்கையாளரிடமும் இப்போதே பேசி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.