அண்ணன் கார்டுல வாங்கிட்டு அண்ணன்கிட்ட சொல்லாம இருந்தா எப்படி?

*அக்கா, நான் தக்கலை பக்கம், வீட்டுலயே தையல் வேலை பாக்குதேன். மார்ச் 3ஆம் தேதி ஆன்லைன்ல 18,400 ரூபாய்க்கு எம்பிராய்டரி மெஷின் வாங்கினேன், மோட்டார் ஓடல. திருப்பி அனுப்பினேன். பொருள் வந்துட்டு, 7 வேலை நாள்ல பணம் வரும்னு மார்ச் 28ல மெயில் போட்டாங்க. இப்ப மே பாதி ஆச்சு, போனும் எடுக்கல, மெயிலுக்கும் பதில் இல்ல. மஸ்கட்ல இருக்க அண்ணனோட கிரெடிட் கார்டுதான், ஓடிபி வர்ற சிம் வீட்டுலதான் கிடக்கு, அவங்ககிட்ட இன்னும் சொல்லல. பேங்க் மூலமா பணத்த திருப்பி வாங்க முடியுமா?*

கடைக்காரன விடு தங்கச்சி, அண்ணன்கிட்ட ஏன் சொல்லல? பில்லு அவன் அக்கவுண்ட்லருந்து தானா போவுது, அவன் அங்க வெயில்ல நின்னு சம்பாதிக்கிற காசு. கேட்டிருந்தா அவனே வாங்கித் தந்திருப்பான். கேக்காம எடுத்தது தப்பு, ரெண்டரை மாசமா மறைச்சது அதவிட தப்பு, இத நான் பூசி மொழுகி சொல்ல மாட்டேன்.

உறவுக்காக மட்டும் சொல்லல, பேங்க் வேலையும் அங்கதான் முட்டி நிக்கும். கடைக்குப் போன பணத்த பேங்க் மூலமா திருப்பி வாங்குறதுக்குப் பேரு சார்ஜ்பேக், அதக் கேக்குற உரிமை கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான், நீ போன் போட்டா பேங்க்காரன் பேசவே மாட்டான். நீ சொல்றதுக்கு முந்தி அண்ணனே ஸ்டேட்மென்ட்ல பாத்துட்டான்னு வை, "இது நான் பண்ணல"ன்னு மோசடி புகார் குடுப்பான், கார்ட பிளாக் பண்ணுவாங்க, அப்புறம் பேங்க் விசாரிச்சா அவன் நம்பருக்குப் போன ஓடிபி சரியா போட்டிருக்கும், டெலிவரி உங்க வீட்டுக்கே ஆயிருக்கும், புகார் தள்ளுபடி. அதுக்கப்புறம் "இல்ல, ரீஃபண்டுதான் வரல"ன்னு மாத்திச் சொன்னா யாரு நம்புவா?

அதனால இன்னைக்கு ராத்திரியே அவன கூப்பிட்டு முழுசா சொல்லு, திட்டுனா வாங்கிக்க. அப்புறம் ஏப்ரல், மே ஸ்டேட்மென்ட் ரெண்டையும் வரி வரியா பாக்கச் சொல்லு, சில நேரம் ரீஃபண்ட் வந்து பில்லுல கழிஞ்சிருக்கும், நமக்குத் தெரியாது. வரலன்னா கடைக்கு கடைசியா ஒரு மெயில், ஆர்டர் நம்பர், திருப்பி அனுப்பின கொரியர் நம்பர் ரெண்டையும் போட்டு "3 நாள்ல பணம் போடுங்க, போட்டாச்சுன்னா ஏஆர்என் நம்பர் தாங்க"ன்னு கேளு. கார்டுக்கு நெஜமா ரீஃபண்ட் அனுப்பியிருந்தா 23 இலக்கத்துல அப்படி ஒரு நம்பர் இருக்கும், அத வச்சு பேங்க் தேடிப் பிடிக்கும். போட்டாச்சு போட்டாச்சுன்னு சொல்லி அந்த நம்பர மட்டும் தராம இழுத்தா, பணம் அனுப்பலன்னே வச்சுக்கலாம்.

மூணு நாள் தாண்டினா அண்ணன் பேங்க் ஆப்ல அந்த மார்ச் 3 செலவ எடுத்து டிஸ்ப்யூட், அதாவது சார்ஜ்பேக் கேட்டு புகார் போடணும். ஆப்ல வழி இல்லன்னா கார்டுக்குப் பின்னாடி இருக்க நம்பர்ல கூப்பிடட்டும், கூகுள்ல தேடி எடுத்த நம்பர் வேண்டாம். காரணம் கேக்குற எடத்துல "நான் பண்ணல"ங்கிறத தொடவே கூடாது, "ரீஃபண்ட் வரல"ங்கிறததான் எடுக்கணும். கூட ஆர்டர் பில்லு, கொரியர் ரசீது, பொருள் அவங்க கைக்குப் போய்ச் சேந்ததுக்கு ஆதாரம், அந்த மார்ச் 28 மெயில், கடைசியா நீ போட்ட மெயில், இவ்வளவும் சேக்கணும். இதுல மார்ச் 28 மெயில்தான் உயிர், பணம் தாறேன்னு கடைக்காரனே எழுதிக் குடுத்தது அது. அழிச்சுக் கிழிச்சு வச்சுடாத.

இப்படி வாக்கு குடுத்த தேதியிலருந்து 15 நாள் பொறுக்கச் சொல்லுவாங்க, உனக்கு அது ஏப்ரல்லயே முடிஞ்சுது. விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுலயும் பொதுவா 120 நாள் கெடு, எந்த நாள்லருந்து எண்ணுவாங்கங்கிறது கேஸுக்கு கேஸ் மாறும், அதனால பணம் கட்டின நாள்லருந்தே எண்ணிக்க, ஜூலை 1 ஆகுது. சில பேங்க் அதுக்கு முந்தியே புகார் வரணும்னு வச்சிருக்கும், அதனால இந்த வாரமே போடுங்க.

போட்டதும் புகார் நம்பர வாங்கி எழுதி வை. சில பேங்க் அந்த 18,400ஐ தற்காலிகமா வரவு வைக்கும், கைல வந்துட்டுன்னு நெனச்சுடாத, கடைக்காரன் பக்கம் ஜெயிச்சா திரும்ப எடுத்துடுவாங்க. பில்ல நிறுத்தாமக் கட்டட்டும், இல்லன்னா வட்டி அண்ணன் தலைலதான் விழும். கடைக்காரன் பதில் சொல்ல ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும், அவன் பெரும்பாலும் "பொருள் டெலிவரி பண்ணியாச்சு"ன்னு முதல்ல உனக்கு அனுப்பினப்போ உள்ள கையெழுத்தத்தான் காட்டுவான். பேங்க் அதப் பத்தி கேட்டா உடனே நீ திருப்பி அனுப்பின கொரியர் ஆதாரத்த குடுக்கணும், கேட்ட நாளுக்குள்ள பதில் போகலன்னா கேஸ் அதோட முடிஞ்சுது. மெயில் அண்ணன் ஐடிக்குத்தான் வரும், தினமும் பாக்கச் சொல்லு.

பேங்க் 30 நாள்ல பதிலே தரலன்னாலோ, தந்த பதில் சரியில்லன்னாலோ, அண்ணன் பேர்ல ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in-ல புகார் போடலாம், காசு கிடையாது. அது பேங்க் மேல உள்ள புகாருக்கு மட்டும்தான். கடைக்காரன் மேல புகார் சொல்ல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, அதுக்கு நீயே கூப்பிடலாம்.