வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் எது?

கேள்வி: எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிக்குப் பக்கம். வீட்டில் தெலுங்குதான் பேசுகிறோம். ஐந்து வயது மகள் தெருப் பிள்ளைகளோடு தமிழும் பேசுவாள். வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. ஊரில் தமிழ் வழிப் பள்ளி இருக்கிறது, பக்கத்து ஊரில் தெலுங்கு வழிப் பள்ளி. கணவரோ கிருஷ்ணகிரியிலிருந்து வேன் வரும் ஆங்கில வழிப் பள்ளிதான் வேண்டும் என்கிறார். தமிழ் வழியில் படித்துவிட்டுப் பாலிடெக்னிக் போனபோது முதல் ஆறு மாதம் ஒன்றும் புரியாமல் அழுதாராம். அவர் சொல்வது தவறா?
- ஒரு தாய், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கணவர் பட்ட வேதனை உண்மையானது. அதைத் தட்டிவிட்டு யாரும் அவருக்குப் பதில் சொல்லக்கூடாது. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: பத்து வருடம் பள்ளியில் ஆங்கிலப் பாடவேளை எப்படி நடந்தது? ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், தமிழில் பொருள் சொல்வார், கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். ஒரு நாளாவது ஆங்கிலத்தில் வாய் திறந்து பேசினாரா? இல்லை என்றால், அவரை அழவைத்தது கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்தது அல்ல. ஆங்கிலத்தை மொழியாகக் கற்றுத்தராததும், திடீரென்று ஒரே நாளில் எல்லாப் பாடமும் மாறியதும்தான். ஐந்து வயதில் ஆங்கில வழியில் சேர்த்தாலும் அதே மனப்பாடம்தான் நடக்கும் என்றால், அந்த அழுகை முன்கூட்டியே வருகிறது, அவ்வளவுதான். அதுவும் அவளுக்கு அழத் தெரியாது. புரியாததே வழக்கம் என்று நினைத்துக்கொள்வாள்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, ஆங்கில வழியில் இரண்டு வருடம் படித்துவிட்டு மூன்றாம் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். பத்திலிருந்து மூன்றைக் கழிக்கச் சொன்னால் நொடியில் ஏழு என்பான். புத்தகத்தில் ஒரு கணக்கு: பத்து மாம்பழத்தில் மூன்றைக் கொடுத்துவிட்டால் ‘ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?’ தடையில்லாமல் வாசித்தான். பிறகு இடது கையைத் தூக்கிக் காட்டினான். அவனுக்குத் தெரிந்த ‘லெஃப்ட்’ அது ஒன்றுதான். ‘மீதி எத்தனைடா?’ என்றதும் ஏழு என்றான். அவனுக்குக் கணக்கு வரவில்லை என்றே பழைய பள்ளியில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வாசிப்பில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எழுத்தை ஒலியாக்குவது ஒன்று. அந்த ஒலியைக் காது ஏற்கெனவே அறிந்த சொல்லோடு பொருத்துவது இன்னொன்று. தமிழில் ‘மீதி’ என்று கூட்டிவிட்டால் பொருள் தானாக வந்துவிடும், ஏனென்றால் குழந்தை அதை நூறு முறை கேட்டிருக்கிறாள். 247 எழுத்து என்று பயப்படுகிறோம். உண்மையில் உயிர் 12, மெய் 18, அவை சேரும் முறை இவை பிடிபட்டால் முன்பின் பார்க்காத சொல்லையும் வாசிக்கலாம். ஆங்கிலத்தில் ‘பட்’, ‘புட்’ இரண்டுக்கும் நடுவில் அதே எழுத்துதான் நிற்கிறது. பொருள் தெரியாத பிள்ளைக்கு எது சரி என்று சொல்ல உள்ளே ஒரு காது இல்லை. படத்தையும் முதல் எழுத்தையும் பார்த்து ஊகிக்கிறது. பக்கம் முழுக்க மனப்பாடமாகிவிடுவதால் வீட்டில் கேட்பவர்களுக்கு வாசிப்பது போலவே தெரியும்.

உங்கள் கணவர் பக்கத்திலும் வலுவான சான்று உண்டு. கனடாவில் மாண்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965-இல் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளைத் தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சு மொழியில் படிக்கவைத்தார்கள். பிரெஞ்சு நன்றாக வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை. ஆனால் அந்த ஆசிரியர்கள் வகுப்பில் பிரெஞ்சிலேயே பேசிச் சிரித்துக் கதை சொன்னார்கள்; பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டால் அவர்களுக்குப் புரியும். ஓரிரு ஆண்டுகளில் ஆங்கிலமும் பாடமாகச் சேர்ந்தது. வேன் வரும் பள்ளியில் இது நடக்கிறதா என்று வகுப்பு வாசலில் கால்மணி நேரம் நின்று கேளுங்கள். ஆசிரியை பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் உரையாடினால், அவர்கள் சொந்த வாக்கியத்தில் பதில் சொன்னால், உங்கள் கணவரோடு நான் வாதாட மாட்டேன். வரி வாசித்துத் தமிழில் பொருள் சொன்னால், அது பெயரளவில் ஆங்கில வழி.

நைஜீரியாவில் இஃபே என்ற ஊரில் 1970-இல் தொடங்கிய சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பிரிவுக்கு ஆறு வருடமும் யொரூபா என்ற வீட்டு மொழியில் பாடம், ஆங்கிலம் தேர்ந்த ஆசிரியரிடம் தனிப் பாடம். இன்னொரு பிரிவு மூன்று வருடத்தில் ஆங்கில வழிக்கு மாறியது. முதல் பிரிவுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில்கூடப் பின்தங்கவில்லை.

இனி உங்கள் மகள். அவளுக்கு எது வீட்டு மொழி என்பதை நாம் முடிவு செய்ய வேண்டாம், அவளே சொல்லட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கேட்டறியாத சின்னக் கதை ஒன்றை நீங்கள் தெலுங்கில் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்காவைத் தமிழில் வேறொரு கதை சொல்லச் சொல்லுங்கள். ‘நரி ஏன் திரும்பி வந்தது?’ போன்ற ஏன், எப்படிக் கேள்விகளைக் கேளுங்கள். இரண்டிலும் காரணம் சொல்லி நீளமாகப் பேசினால் அவளுக்கு இரண்டுமே வீட்டு மொழி. தமிழ் வழியில் தைரியமாகச் சேருங்கள். தமிழும் தெலுங்கும் வாக்கியத்தை ஒரே வரிசையில்தான் கட்டுகின்றன. ‘என்னி மிகிலாயி?’ என்பதற்கும் ‘எத்தனை மீந்தன?’ என்பதற்கும் தூரம் குறைவு. ஒரு சின்ன இடறல் வரும்: ‘கல்’ என்பதில் வரும் ஒலிக்கும் ‘தங்கம்’ என்பதில் வரும் ஒலிக்கும் தெலுங்கில் தனித்தனி எழுத்து, தமிழில் ஒரே ‘க’. அவள் தடுமாறினால் அது காதின் கூர்மை, மந்தம் அல்ல என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

தமிழில் தெருவிளையாட்டுச் சொற்கள் மட்டும் வந்து, கதை சொல்லும்போது ஒற்றைச் சொல்லில் நின்றுவிட்டால், தெலுங்கு வழிப் பள்ளியைக் கவனியுங்கள். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழும் பாடமாக இருக்கிறதா, யார் நடத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதைப் பலர் காரணமாகச் சொல்வார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதை முதல் காரணமாக நான் வைக்க மாட்டேன்.

கணவரின் பயத்துக்கு மருந்து ஆங்கிலத்தைத் தள்ளிப்போடுவதில் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பேச்சாக வரட்டும்: மாலையில் அவர் பத்து நிமிடம், தெரிந்த எளிய வாக்கியங்களில், சமையலறைப் பொருளை வைத்துப் பேசட்டும். நான்காம் வகுப்பிலிருந்து கணக்கு, அறிவியல் சொற்களுக்கு ஒரு தனி நோட்டு: இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் அதே பொருளின் ஆங்கிலச் சொல், நடுவில் அவளே வரைந்த படம். ஆறாம் வகுப்பில் வழி மாற்ற நேர்ந்தால் அந்த நோட்டு கையில் இருக்கும். அவருக்கு அன்று இல்லாமல் போனது அதுதான். முதல் பக்கத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். பாலிடெக்னிக்கில் அவரைத் திணறவைத்த சொற்கள் எவை என்று அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும்.