நேர்காணல்களிலிருந்து கருப்பொருள் எடுப்பது

ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர்களின் நிலையற்ற வேலை பற்றிய ஆய்வில் ‘கட்டணம்’, ‘ஒப்பந்தம்’, ‘மன அழுத்தம்’ என்று கருப்பொருள் எடுத்தேன். கைடு ஏற்கவில்லை. ஏன்?

அவை உங்கள் கேள்வித்தாளின் தலைப்புகள். கருப்பொருள் என்றால் அதற்குள் ஒரு கருத்து இருக்க வேண்டும்.

ஒருவர் இப்படிச் சொன்னதாக வைத்துக்கொள்வோம்: “கட்டுரை வந்து மூணு மாசமாச்சு. பணம் கேட்டா அடுத்த வேலை வராதோன்னு கேக்கல.” இதற்கு ‘தாமதமான பணம்’ என்று மட்டும் குறியீடு இட்டால் பாதி விஷயம் போய்விடும், ‘கேட்கப் பயம்’ என்றும் இடுங்கள். மற்ற நேர்காணல்களில் குறைத்த கட்டணத்தை மறுக்காதது, காய்ச்சலோடு வேலையை ஒப்புக்கொண்டது என்று வந்தால் அவையும் இதனுடன் சேரும். அப்போது ‘அடுத்த வேலைக்காக விட்டுக்கொடுத்தல்’ என்ற கருப்பொருள் கிடைக்கும்.

பிறகு எல்லா எழுத்துப்படிகளையும் மறுபடி படித்து, துணிந்து பணம் கேட்டவர்களைத் தேடுங்கள். பலர் தவிர்க்கும் வேலை இது. அவர்களுக்கு வேறு நிலையான வருமானம் இருந்தால், கருப்பொருள் யாருக்குப் பொருந்தும் என்பதை அதற்கேற்பச் சுருக்கி எழுதுங்கள்.